சகம் 1266-உம் ஹிஜ்ரி 745-உம்: ஒரே ஆண்டின் இரண்டு இலக்கங்கள்

உயிலங்குளத்தில் எந்த வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியைப் பார்த்தாலும் ஒரே தாளில் நான்கைந்து ஆண்டு இலக்கங்கள் இருக்கும். 2025-ஆம் ஆண்டு நாட்காட்டி என்றால் பெரிதாக 2025. கீழே ஹிஜ்ரி 1447. பக்கத்தில் விசுவாவசு வருடம். சிலவற்றில் சகம் 1947, சிலவற்றில் திருவள்ளுவர் ஆண்டு 2056. பன்சலையில் வாங்கிய நாட்காட்டி என்றால் புத்த வருடம் 2569. நாம் எல்லோரும் பெரிய இலக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு தாளைக் கிழிக்கிறோம்.

வரலாற்றுப் பாடம் நடத்தும்போதுதான் இந்தச் சின்ன இலக்கங்கள் நம்மைப் பிடித்துக்கொள்கின்றன. கல்வெட்டு செதுக்கியவர்கள் யாரும் கி.பி. எழுதவில்லை. பயணக் குறிப்பு எழுதிய அரபு நாட்டவர்களும் கி.பி. எழுதவில்லை. பாடப்புத்தகத்தில் நாம் வாசிக்கும் ஒவ்வொரு கி.பி. ஆண்டும் யாரோ ஒருவர் கணக்குப் போட்டு மாற்றித் தந்தது. அந்தக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது, எங்கே பிழைக்கிறது என்பதைத்தான் இந்தப் பதிவில் பார்க்கப் போகிறோம். நமது தீவிலேயே அதற்கு அருமையான ஒரு உதாரணம் இருக்கிறது.

இரண்டு செய்திகளை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, கண்டிக்குப் பக்கத்தில் உள்ள லங்காதிலக விகாரை. கம்பளையிலிருந்து ஆண்ட நான்காம் புவனேகபாகுவின் காலத்தில் சேனாலங்காதிகார என்ற அமைச்சர் கட்டுவித்தது. அங்குள்ள பாறையில் சிங்களத்திலும் தமிழிலும் கல்வெட்டு உண்டு. அதிலிருந்து கிடைக்கும் ஆண்டு சகம் 1266.

இரண்டாவது, இப்னு பதூதா. மாலைதீவிலிருந்து அவர் கப்பலேறியது ஹிஜ்ரி 745, ரபீஉல் ஆகிர் மாத நடுப்பகுதி. வழி தெரிந்த மாலுமி இல்லாமல் ஒன்பது நாள் கடலில் அலைந்து, ஸரந்தீபைக் கண்டு, புத்தளம் என்று இன்று நாம் சொல்லும் பத்தாலாவில் இறங்கினார். அங்கே அவரை வரவேற்றவர் ஆரியச் சக்கரவர்த்தி. பாரசீகம் விளங்கிய மன்னர் என்றும், முத்துக்குளிப்பில் எடுத்த முத்துகளைக் காட்டினார் என்றும் இப்னு பதூதா எழுதுகிறார். மன்னார்க் கடலோரத்தில் வாழும் நமக்கு அந்த முத்து எந்தக் கடலுடையது என்று சொல்லத் தேவையில்லை. பிறகு அவர் பாவா ஆதம் மலைக்குப் போனார்.

1266 ஒரு பக்கம், 745 ஒரு பக்கம். இலக்கத்தை மட்டும் பார்த்தால் இரண்டுக்கும் இடையில் ஐந்நூறு வருட இடைவெளி. உண்மையில் எவ்வளவு தூரம்?

முதலில் சகத்தை எடுப்போம். சக ஆண்டுக்கு 78 கூட்டினால் கி.பி. வரும். 1266 + 78 = 1344. பிள்ளைகள் இதை ஒரு நிமிடத்தில் செய்துவிடுவார்கள். ஆனால் இந்த 78-க்குள் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன.

ஒன்று, ஆண்டு எப்போது பிறக்கிறது? சக ஆண்டு ஜனவரி முதலாம் திகதி பிறப்பதில்லை. நமது பக்கத்துக் கணக்கில் சித்திரையில் பிறக்கிறது. இப்போது அது ஏப்ரல் நடுவில் வருகிறது. 1344-இல் அன்றைய நாட்காட்டிப்படி மார்ச் கடைசி வாரத்தில் வந்தது. அப்படியானால் சகம் 1266 என்பது 1344 மார்ச் கடைசியிலிருந்து 1345 மார்ச் கடைசி வரை ஓடுகிறது. கல்வெட்டில் ஆவணி, ஐப்பசி என்று மாதம் இருந்தால் 78 கூட்ட வேண்டும். மாசி, பங்குனி என்று இருந்தால் 79 கூட்ட வேண்டும். மாதமே இல்லையென்றால் நேர்மையான விடை 1344/45 என்பதுதான். வரலாற்று நூல்களில் இப்படிச் சாய்கோடு போட்டு இரண்டு ஆண்டு எழுதியிருப்பதைக் கண்டிருப்பீர்கள். எழுதியவருக்குச் சந்தேகம் என்று அதற்குப் பொருள் இல்லை. ஒரு சக ஆண்டு இரண்டு கி.பி. ஆண்டுகளில் கால் வைத்திருக்கிறது என்றுதான் பொருள்.

இரண்டு, அந்த இலக்கம் நிறைந்த ஆண்டா, நடக்கிற ஆண்டா? இது வகுப்பில் எப்போதும் குழப்பம் தரும் இடம். ஒரு பிள்ளைக்குப் பத்து வயது என்றால் பத்து வருடம் நிறைந்துவிட்டது, பதினோராவது நடக்கிறது. சகக் கணக்கும் பெரும்பாலும் அப்படித்தான், நிறைந்த ஆண்டைச் சொல்வது. தமிழ்நாட்டுக் கல்வெட்டுகளில் சகாப்தத்தின் இலக்கத்தைச் சொல்லி, அதன் "மேல் செல்லாநின்ற" இன்ன வருடம் என்று எழுதும் வழக்கம் உண்டு. இத்தனை ஆண்டு நிறைந்து அதற்கு மேல் இப்போது நடக்கிற வருடம் என்று அர்த்தம். ஆனால் சில கல்வெட்டுகள் நடக்கிற ஆண்டையே இலக்கமாகத் தருகின்றன. அப்போது 78-க்குப் பதில் 77 கூட்ட வேண்டும்.

இது வெறும் நுணுக்கம் என்று நினைக்க வேண்டாம். நம் காலத்திலேயே நடந்த உதாரணம் இருக்கிறது. இலங்கை 2500-ஆவது புத்த ஜயந்தியை 1956 வெசாக்கில் கொண்டாடியது. தாய்லாந்து அதே 2500-ஐ 1957-இல் கொண்டாடியது. புத்தர் பரிநிர்வாணம் அடைந்த ஆண்டு பற்றி இரு நாட்டுக்கும் பிணக்கு இல்லை. இங்கே நடக்கிற ஆண்டை எண்ணுகிறார்கள், அங்கே நிறைந்த ஆண்டை எண்ணுகிறார்கள். அவ்வளவுதான். இதனால் இங்கே வெசாக்குக்குப் பிறகு 544 கூட்டுகிறோம், தாய்லாந்தில் 543 கூட்டுகிறார்கள். தாய்லாந்துப் புத்தகத்தில் உள்ள புத்த வருடத்தை இலங்கைக் கணக்கில் மாற்றினால் ஒரு வருடம் பிழைக்கும்.

சரி, கல்வெட்டில் உள்ளது நிறைந்த ஆண்டா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அறுபது வருடச் சுழற்சிதான் கை கொடுக்கிறது. பிரபவ முதல் அட்சய வரை உள்ள பெயர்கள். நிறைந்த சக ஆண்டுடன் 12-ஐக் கூட்டி 60-ஆல் வகுத்தால் மீதி எதுவோ அதுவே அந்த வருடத்தின் வரிசை இலக்கம். மீதி வராவிட்டால் அறுபதாவதான அட்சய. 2025-ஆம் ஆண்டு நாட்காட்டியில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்: 1947 + 12 = 1959, 60-ஆல் வகுத்தால் மீதி 39. முப்பத்தொன்பதாவது பெயர் விசுவாவசு. சரியாக இருக்கிறது.

இனி 1266-க்குப் போடுங்கள். 1278, மீதி 18. பதினெட்டாவது பெயர் தாரண. சகம் 1266 என்று எழுதிய ஒரு கல்லில் தாரண வருடம் என்றும் இருந்தால் அது நிறைந்த ஆண்டு, கி.பி. 1344/45. அதே இலக்கத்துடன் சுபானு என்று இருந்தால் எழுதியவர் நடக்கிற ஆண்டைத் தந்திருக்கிறார், ஒரு வருடம் பின்னே போக வேண்டும். இலக்கத்துக்கும் பெயருக்கும் எந்த வகையிலும் பொருந்தவில்லை என்றால், ஒன்றில் செதுக்கியவர் பிழைவிட்டிருக்கிறார், அல்லது வாசித்தவர் பிழையாக வாசித்திருக்கிறார், அல்லது அந்தக் கல் பிற்காலத்தில் யாரோ பழைய ஆண்டு போட்டுச் செய்தது. கிழமை, திதி, நட்சத்திரமும் இருந்தால் சோதனை இன்னும் இறுகும். எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை இதற்காகவே நூற்றாண்டுக் கணக்கில் பஞ்சாங்க அட்டவணைகளைக் கணித்து நூலாக்கினார். கல்வெட்டாய்வாளர்கள் அதை எடுத்துத்தான் சரிபார்ப்பார்கள்.

சில கல்வெட்டுகள் தம்மைத் தாமே சரிபார்த்துத் தருகின்றன. கர்நாடகத்தின் ஐகொளேயில் இரண்டாம் புலிகேசியின் கல்வெட்டு பாரதப் போரிலிருந்து 3735 ஆண்டு என்றும், சக மன்னர்களின் ஆண்டு 556 என்றும் இரண்டையும் சொல்கிறது. முதலாவது கலி ஆண்டுக் கணக்கு. இரண்டுக்கும் வித்தியாசம் 3179. இன்றைக்கும் எந்தப் பஞ்சாங்கத்தை எடுத்தாலும் கலிக்கும் சகத்துக்கும் இடையில் அதே 3179 தான். 556-உடன் 78 கூட்டினால் கி.பி. 634/35.

இப்போது ஹிஜ்ரிக்கு வருவோம். இங்கேதான் பிள்ளைகள் அதிகம் வழுக்கி விழுகிறார்கள்.

"சேர், ஹிஜ்ரத் நடந்தது 622-இல். அப்ப 745-உடன் 622 கூட்டினால் சரிதானே?"

கேள்வியில் நியாயம் இருக்கிறது. சகத்துக்கு அப்படித்தானே செய்தோம். கூட்டினால் 1367 வரும். ஆனால் இப்னு பதூதா மொரோக்கோவுக்குத் திரும்பி, தன் பயணங்களைச் சொல்ல எழுதுவித்து முடித்தது 1355-இல். புத்தகம் முடிந்து பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகா அவர் இங்கே வந்திறங்கினார்? விடை பிழை என்று சொல்ல வேறு சாட்சி வேண்டாம்.

காரணம், சக ஆண்டு சூரியனைச் சுற்றியது, ஹிஜ்ரி ஆண்டு முழுக்கப் பிறையைச் சார்ந்தது. பன்னிரண்டு பிறைமாதம் 354 நாள். சூரிய ஆண்டை விடச் சுமார் 11 நாள் குறைவு. ரமழான் ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் முன்னே நகர்வது இதனால்தான். அந்த 11 நாள் சேர்ந்து சேர்ந்து, 33 ஹிஜ்ரி ஆண்டு ஏறக்குறைய 32 சூரிய ஆண்டுக்குச் சமமாகிறது. ஆகவே கூட்டுவதற்கு முன் ஹிஜ்ரியைச் சூரிய ஆண்டாகச் சுருக்க வேண்டும்.

படி ஒன்று: 745-ஐ 33-ஆல் வகுத்தால் 22.6.
படி இரண்டு: 745-இலிருந்து அதைக் கழித்தால் 722.4.
படி மூன்று: 622-ஐக் கூட்டினால் 1344.4.

அதாவது ஹிஜ்ரி 745 பிறந்தது 1344-ஆம் ஆண்டின் நடுப்பகுதிக்குக் கொஞ்சம் முன்னால். இது கைக்கணக்கு. வருடத்தைப் பிடித்துத் தரும், ஆண்டு விளிம்பில் ஒன்று கூடிக் குறையலாம். நாள் வேண்டுமென்றால் அட்டவணைக்குப் போக வேண்டும். அட்டவணைப்படி ஹிஜ்ரி 745 முஹர்ரம் முதல் நாள் 1344 மே 15. முஹர்ரம் 30, ஸபர் 29, ரபீஉல் அவ்வல் 30, ஆக 89 நாள் கழிந்து ரபீஉல் ஆகிர் தொடங்குகிறது. அதன் பதினைந்தாம் நாள் 1344 ஓகஸ்ட் 26. ஒன்பது நாள் கடல் பயணத்தையும் சேர்த்தால் இப்னு பதூதா நமது கரையைக் கண்டது செப்டெம்பர் தொடக்கத்தில்.

இதில் இரண்டு எச்சரிக்கை உண்டு. அட்டவணை மாதங்களை 30, 29 என்று மாறி மாறிக் கணக்கிடுகிறது. ஊரில் மாதம் பிறப்பது பிறை கண்டு. ஆகவே எப்போதும் ஒரு நாள் முன்பின் இருக்கலாம். ஒரு கணக்கை வைத்து "இன்ன கிழமை, இன்ன திகதி, இதில் மாற்றமே இல்லை" என்று யாரும் சொன்னால் நிதானிக்க வேண்டும்.

அடுத்தது, தொலைபேசியில் உள்ள மாற்றிச் செயலிகளில் இதே நாளைப் போட்டால் சில செயலிகள் ஓகஸ்ட் 26 என்றும், சில செப்டெம்பர் 3 என்றும் காட்டும். இரண்டும் ஒரே நாள்தான். 1582-இல் ஒக்டோபர் 4-க்கு அடுத்த நாளை 15 என்று வைத்து ஐரோப்பிய நாட்காட்டி திருத்தப்பட்டது. அதற்கு முந்தியது ஜூலியன், பிந்தியது கிரகோரியன். 14-ஆம் நூற்றாண்டில் இரண்டுக்கும் வித்தியாசம் 8 நாள். வரலாற்றாசிரியர்கள் 1582-க்கு முந்திய நாள்களை ஜூலியனிலேயே விட்டுவிடுவது வழக்கம். சில செயலிகள் புதிய நாட்காட்டியைப் பின்னோக்கி இழுத்துக் கணக்குப் போடுகின்றன. எட்டு நாள் வித்தியாசம் கண்டால் இதுதான் காரணம் என்று அறிந்துகொள்ளலாம்.

இப்போது இரண்டு விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். சகம் 1266 என்பது 1344 மார்ச் கடைசி முதல் 1345 மார்ச் கடைசி வரை. ஹிஜ்ரி 745 ரபீஉல் ஆகிர் என்பது 1344 ஓகஸ்ட், செப்டெம்பர். லங்காதிலகக் கல்வெட்டு சொல்லும் அதே சக ஆண்டுக்குள்தான் இப்னு பதூதா புத்தளத்தில் இறங்கியிருக்கிறார். வடமேற்குக் கரையில் ஆரியச் சக்கரவர்த்தி முத்தைக் காட்டிக்கொண்டிருந்த நாள்களும், மலைநாட்டில் தமிழிலும் சிங்களத்திலும் விகாரைக் கல்வெட்டு எழுதுவித்த காலமும், தூரத்து யாத்திரிகர் ஒருவர் பாவா ஆதம் மலை ஏறியதும் ஒரே தாரண வருடத்துச் செய்திகள். நமது பாடப்புத்தகங்களில் கம்பளை இராச்சியம் ஒரு பாடம், யாழ்ப்பாண இராச்சியம் வேறொரு பாடம், வெளிநாட்டு யாத்திரிகர்கள் இன்னொரு பாடம். பிள்ளைகள் அவற்றை வேறு வேறு காலம் என்றே மனதில் வைத்துக்கொள்கிறார்கள். இரண்டு சிறிய கணக்கு அவற்றை ஒரே மேசையில் கொண்டுவந்து வைக்கிறது.

கணக்குச் சரியாக இருந்தும் வரலாறு பிழைக்கும் இடம் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். யாழ்ப்பாண வைபவமாலையோடு சேர்த்து வழங்கும் ஒரு செய்யுள், புவனேகபாகு நல்லூர் நகரையும் கந்தசுவாமி கோயிலையும் கட்டிய ஆண்டு சகம் 870 என்கிறது. மாற்றுங்கள்: 870 + 78 = 948. கணக்கில் குற்றம் இல்லை. ஆனால் அந்த நூல் புவனேகபாகுவை ஆரியச் சக்கரவர்த்திகளின் முதல் அரசனுக்கு அமைச்சராகச் சொல்கிறது. ஆரியச் சக்கரவர்த்திகள் வேறு சான்றுகளில் தலைகாட்டுவதோ 13-ஆம் நூற்றாண்டில். 948-க்கும் அதற்கும் முந்நூறு வருடத்துக்கு மேல் இடைவெளி. சுவாமி ஞானப்பிரகாசர் போன்றோர் இந்தப் புவனேகபாகுவை 15-ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றி, பின்னர் கோட்டையில் புவனேகபாகு என்ற பெயருடன் முடிசூடிய சப்புமல் குமாரனாகக் கொண்டார்கள். அப்படிக் கொண்டால் இடைவெளி ஐந்நூறு வருடம்.

இங்கே நாம் பார்க்க வேண்டியது ஒன்று. லங்காதிலக ஆண்டு அந்தக் காலத்திலேயே கல்லில் வெட்டப்பட்டது. சகம் 870 நிகழ்ச்சிக்கு நெடுங்காலம் பின்னர் வந்த நூலின் வழியாக நமக்குக் கிடைப்பது. வைபவமாலையே ஒல்லாந்தர் காலத்தில் எழுதப்பட்டது. ஓலையிலிருந்து ஓலைக்குப் பெயர்த்தெழுதும்போது ஒரு சொல் மாறினால் நூற்றாண்டுகள் மாறிவிடும். 78 கூட்டுவதால் அந்த இலக்கத்துக்குப் புதிதாக எந்த உறுதியும் வந்துவிடாது. சகத்தில் ஐயமாக இருந்தது கி.பி.யிலும் ஐயமாகவே இருக்கும். ஆனால் "கி.பி. 948" என்று எழுதிவிட்டால் பார்ப்பவர்களுக்கு அது சோதித்துப் பார்த்த ஆண்டு போலத் தோன்றும். அதுதான் ஆபத்து.

ஏன் இதை இவ்வளவு நீட்டிச் சொல்கிறோம் என்றால், நமது நாட்டில் ஆண்டு இலக்கங்கள் சும்மா கிடப்பதில்லை. எந்தச் சமூகம் முந்தி வந்தது, எந்தக் கோயில் முந்தியது, எந்தப் பள்ளி முந்தியது, எந்த விகாரை முந்தியது என்று முகநூலில் நாள்தோறும் சண்டை. அந்தச் சண்டைகளில் எறியப்படும் இலக்கங்களில் பாதி எந்தக் கணக்கிலிருந்து வந்தது என்று எறிபவருக்கே தெரியாது. ஹிஜ்ரியோடு நேரே 622 கூட்டியவர் இருப்பார். பிற்கால நூலின் கலி ஆண்டை அப்படியே கி.மு.வாக மாற்றியவர் இருப்பார்.

அடுத்த முறை அப்படி ஒரு இலக்கம் உங்கள் முன் வந்தால் நான்கு கேள்வி கேளுங்கள். எந்த ஆண்டுக் கணக்கு? அந்தக் கணக்கில் ஆண்டு எந்த மாதம் பிறக்கிறது? நிறைந்த ஆண்டா, நடக்கிற ஆண்டா? ஆண்டு சூரியனதா, பிறையினதா? இந்த நான்குக்கும் விடை கிடைத்தால் மாற்றும் வேலை ஐந்தாம் வகுப்புக் கூட்டல் கழித்தல்தான். பிறகு ஐந்தாவதாக, அந்த இலக்கத்தை எழுதியவர் அந்த நிகழ்ச்சிக்கு எவ்வளவு அருகில் இருந்தவர் என்று கேளுங்கள். அதற்குக் கணிப்பானில் விடை இல்லை, வாசித்துத்தான் அறிய வேண்டும்.

பிள்ளைகளோடு செய்து பார்க்க ஒரு சின்ன வேலை தருகிறோம். உங்கள் ஊர்ப் பள்ளிவாசல், கோயில், தேவாலயம், விகாரை, எதுவானாலும், வாசலில் உள்ள அடிக்கல்லையோ பழைய மையவாடியில் உள்ள மீஸான் கல்லையோ பாருங்கள். கி.பி. தவிர வேறு ஆண்டு இருந்தால் குறித்துக்கொண்டு, மேலே சொன்னபடி மாற்றிப் பாருங்கள். இரண்டு கணக்கும் ஒரே கல்லில் இருந்தால் ஒன்றையொன்று ஒத்துப்போகிறதா என்று சோதியுங்கள். ஒத்துப்போகாத கல் கிடைத்தால் கருத்துப் பகுதியில் எழுதுங்கள், சேர்ந்து கணக்குப் பார்ப்போம்.